டோம்போஸில் இரண்டு காலைகள்: 150 கிலோவாட் சார்ஜரில் 18 கிலோவாட் மட்டும் ஏறியது ஏன்?

ஆஸ்லோவில் எங்கள் பக்கத்து வீட்டு நண்பர் மின்சாரக் கார் வாங்கிய முதல் குளிர்காலம் அது. நார்வேயில் இது சாதாரண விஷயம். 2024இல் இங்கே விற்ற புதிய கார்களில் சுமார் 89 சதவீதம் மின்சாரக் கார்கள்தான். பிப்ரவரியில் அவர் குடும்பமும் நானும் அந்தக் காரில் ட்ரொண்ட்ஹைம் போனோம். வழியில் லெஷா பக்கம் ஒரு மரவீட்டில் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் காலை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டோம்போஸ் ஊரில் சார்ஜ் போட்டபோது, அரை மணி நேர வேலை என்று நினைத்தது ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. நான்கு நாள் கழித்துத் திரும்பி வரும்போது அதே வீட்டில் தங்கி, அதே சார்ஜரில் சார்ஜ் போட்டோம். அன்று 29 நிமிடத்தில் முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியது கார் அல்ல, சார்ஜரும் அல்ல. பேட்டரி எந்த வெப்பநிலையில் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான்.

நான் மின் பொறியியல் படித்தவன். காரின் கணினித் தகவல்களைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி துளையில் செருகும் ஒரு சின்ன ரீடரை எப்போதும் பையில் வைத்திருப்பேன். அதனால் இரண்டு நாளும் பேட்டரி செல்களின் வெப்பநிலையைக் கைப்பேசியில் நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்ய முடிந்தது. அந்தப் பதிவை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் காலை

முதலில் காரைப் பற்றி. பயன்படுத்தக்கூடிய பேட்டரி 74 யூனிட். பேட்டரிப் பெட்டி கிட்டத்தட்ட 480 கிலோ. அதற்குள் குளிர்விக்கும் திரவம் ஓடும் குழாய்கள் இருக்கின்றன, அந்தத் திரவத்தைச் சூடாக்க 5 கிலோவாட் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. நல்ல சூட்டில் இந்த பேட்டரி 18 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு மரவீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பேட்டரி 12 டிகிரி இருந்தது. நாள் முழுக்க ஓடி வந்ததில் கிடைத்த சூடு அது. வெளியே மைனஸ் 19. வீட்டில் சார்ஜ் போட வசதி இல்லை. பதினாலரை மணி நேரம் கார் பனியில் நின்றது. காலையில் பார்த்தால் செல்கள் மைனஸ் 9 டிகிரி. அவ்வளவு பெரிய கட்டி ஓர் இரவில் முழுவதும் வெளிக்குளிருக்கு இறங்கிவிடாது. மெதுவாகத்தான் ஆறும். ஆனால் இறங்கியவரைக்குமே போதும், காலையில் வேதனை தர.

திரையில் சார்ஜ் 23 சதவீதம் இருந்தது. நண்பர் வழிகாட்டியில் "டோம்போஸ்" என்று ஊர்ப் பெயரைப் போட்டார், கால் மணி நேரத்தில் போய்விட்டோம். போகும்போதே ஓர் அறிகுறி தெரிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாகக் கார் தானாக வேகம் குறையும், மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்பும். அன்று அது அறவே இல்லை. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. குளிர்ந்த பேட்டரி உள்ளே வரும் மின்சாரத்தை மறுக்கிறது என்பதற்கு சார்ஜர் வரை போக வேண்டியதில்லை, பிரேக்கிலேயே தெரிந்துவிடும்.

சார்ஜரில் செருகியபோது சார்ஜ் 18 சதவீதம், மிகக் குளிர்ந்த செல் மைனஸ் 8. பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டியதில் ஒரே ஒரு டிகிரிதான் கூடியிருந்தது. திரையில் 18 கிலோவாட் என்று வந்தது. சார்ஜரின் நெற்றியில் 150 என்று எழுதியிருக்கிறது.

"அண்ணா, இந்த சார்ஜர் கெட்டுப்போச்சு போல. அந்தப் பக்கம் மாத்திப் போடலாமா?" என்றார் நண்பர்.

எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் வந்தது. அதுவும் ஒரே கம்பத்தில் இரண்டு கேபிள். பக்கத்துக் கேபிளில் ஒரு கார் 92 கிலோவாட் வாங்கிக்கொண்டிருந்தது. சில சார்ஜர்களில் இரண்டு கார் செருகினால் திறனைப் பங்கு போடுவார்கள். நமக்கு மிச்சம்தான் வருகிறதோ என்று நினைத்தேன். பதினாலாவது நிமிடத்தில் அந்தக் கார் கிளம்பிப் போனது. பங்கு போடுவதுதான் காரணம் என்றால் எங்கள் எண் அந்த நொடியே தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. 26இலிருந்து 27 ஆனது, அப்புறம் 28. முன்பு எந்த வேகத்தில் ஏறிக்கொண்டிருந்ததோ அதே வேகம். அப்போதுதான் நான் ரீடரின் பதிவைத் திறந்து பார்த்தேன். கிலோவாட் எண்ணும் செல்லின் வெப்பநிலையும் கைகோத்தபடி ஏறிக்கொண்டிருந்தன.

| நிமிடம் | மிகக் குளிர்ந்த செல் (டிகிரி) | சார்ஜர் தரும் கிலோவாட் | சார்ஜ் (%) |
|---|---|---|---|
| 0 | −8 | 18 | 18 |
| 10 | −3 | 24 | 22 |
| 20 | 3 | 34 | 27 |
| 30 | 9 | 46 | 35 |
| 40 | 16 | 62 | 46 |
| 50 | 23 | 80 | 61 |
| 61 | 29 | 76 | 80 |

முதல் பத்து நிமிடத்தில் நான்கு சதவீதம்தான் ஏறியது. ஐம்பதாவது நிமிடத்துக்குப் பிறகு வந்த பதினொரு நிமிடத்தில் பத்தொன்பது சதவீதம். அதே கார், அதே கேபிள்.

பேட்டரி ஏன் மறுக்கிறது

இந்தக் காரின் பேட்டரி லித்தியம் அயனி வகை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையை விட்டுக் கிளம்பி, நடுவில் உள்ள திரவத்தில் நீந்தி, எதிர்ப்பக்கம் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்கார வேண்டும். கிராஃபைட் என்பது பென்சில் முனையில் இருக்கிற அதே பொருள்தான், மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருக்கும். குளிரில் நடுவில் உள்ள திரவம் கெட்டியாகிறது. ஏட்டுக்குள் நுழைவதும், நுழைந்தபின் உள்ளே நகர்வதும் மந்தமாகின்றன. இந்த மூன்றில் நுழைவாயில்தான் பெரிய தொல்லை.

வெளியிலிருந்து நாம் மின்சாரத்தைத் திணித்தால் அயனிகள் வாசலில் வந்து குவிகின்றன. உள்ளே போக இடம் கிடைக்காதவை அங்கேயே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு, கிராஃபைட்டின் மேல்பரப்பில் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது. அந்த அளவுக்கு பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். இன்னும் மோசமானால் படிவு ஊசிபோல வளர்ந்து, இரண்டு மின்முனைகளையும் பிரிக்கும் நடுத்திரையைக் குத்தி, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. வெளியே எதுவும் தெரியாது. புகை வராது, எச்சரிக்கை விளக்கு எரியாது. மாதங்கள் கழித்து ஓடும் தூரம் குறைந்திருப்பதுதான் தெரியும்.

அதனால்தான் காருக்குள் இருக்கும் பேட்டரி மேலாண்மைக் கணினி கண்டிப்பாக நடந்துகொள்கிறது. அது சராசரி வெப்பநிலையைப் பார்ப்பதில்லை, இருப்பதிலேயே குளிர்ந்த செல்லைப் பார்க்கிறது. நூற்றுக்கணக்கான செல்களில் மூலையில் இருக்கும் ஒன்று மைனஸ் 8 என்றால், அந்த ஒன்றுக்கு எவ்வளவு மின்னோட்டம் பாதுகாப்போ அதுதான் எல்லாருக்கும். சார்ஜரிடம் "இவ்வளவு போதும்" என்று கார்தான் கேட்கிறது. சார்ஜர் கேட்டதைத்தான் தரும். அன்று காலை டோம்போஸில் 150 கிலோவாட் தயாராகத்தான் இருந்தது. 18 கேட்டது எங்கள் கார்.

அந்த 18இலும் முழுவதும் செல்களுக்குப் போகவில்லை என்பதை நண்பர் நம்பவே இல்லை. ஹீட்டர் 5 கிலோவாட்டை எடுத்துக்கொண்டது. செல்களுக்குப் போனது 13 மட்டுமே.

இழுத்தடிக்கும் அந்த நாற்பது நிமிடம்

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. "பெரிய சார்ஜரில் போட்டால் பேட்டரி சீக்கிரம் சூடாகிவிடாதா?" என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயம்தான்.

பேட்டரி சூடாக இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஹீட்டர். இன்னொன்று, மின்னோட்டம் பாயும்போது செல்களின் உள்மின்தடையில் தானாகப் பிறக்கும் வெப்பம். இரண்டாவது வழி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அன்று ஆரம்பத்தில் செல்களுக்குள் போனது சுமார் 35 ஆம்பியர். அதில் பிறக்கும் வெப்பம் கால் கிலோவாட்தான் தேறும். 480 கிலோ கட்டிக்கு அது ஒன்றுமே இல்லை. மின்னோட்டம் 290 ஆம்பியரைத் தொடும்போது அதே பேட்டரி ஹீட்டருக்குச் சமமான வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அந்த மின்னோட்டத்தை அனுமதிக்க பேட்டரி முதலில் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்திருப்பதால் மின்னோட்டம் குறைவு, மின்னோட்டம் குறைவு என்பதால் சூடேறுவதில்லை.

ஆகவே முதல் அரை மணி நேரத்துக்கு முழு பாரமும் ஹீட்டர் மேல்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரிப் பொருளை ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி உயர்த்தச் சுமாராக ஒரு கிலோஜூல் வேண்டும். 480 கிலோவுக்கு 480 கிலோஜூல். மின் கணக்கில் அது 0.13 யூனிட். மைனஸ் 8இலிருந்து பிளஸ் 20 வரை 28 டிகிரி. அதற்கு 3.7 யூனிட். 5 கிலோவாட் ஹீட்டர் இந்த அளவைக் கொடுக்க, வழியில் இழப்பு எதுவும் இல்லாவிட்டாலும் 45 நிமிடம் ஆகும். சார்ஜர் 50 கிலோவாட்டோ 350 கிலோவாட்டோ, அந்த ஹீட்டர் மாறாது. குளிர்ந்த பேட்டரியோடு போனால் இருப்பதிலேயே வேகமான சார்ஜரில் நின்றாலும் முதல் நாற்பது நிமிடம் நாம் காத்திருப்பது அந்த 5 கிலோவாட் ஹீட்டருக்காகத்தான்.

சார்ஜருக்குப் போய்ச் சேரும் முன்பே பேட்டரியைச் சூடேற்றி வைப்பதைத்தான் ப்ரீகண்டிஷனிங் என்கிறார்கள். அது என்ன செய்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அந்த 3.7 யூனிட் வெப்பத்தை அது மிச்சப்படுத்துவதில்லை. எப்படியும் அது வேண்டும். சார்ஜர் முன்னால் நின்று செலவழிக்கும் நாற்பது நிமிடத்தை, காலை உணவு சாப்பிடும் நேரத்துக்கும் சாலையில் ஓட்டும் நேரத்துக்கும் மாற்றிவிடுகிறது. சேமிப்பு மின்சாரத்தில் இல்லை, நேரத்தில்.

முதல் நாள் அது ஏன் தானாக நடக்கவில்லை

நண்பரின் காரில் ப்ரீகண்டிஷனிங் வசதி இருந்தது. விற்கும்போது சொல்லித்தான் விற்றார்கள். பிறகு ஏன் வேலை செய்யவில்லை? அன்று மாலை ட்ரொண்ட்ஹைமில் உட்கார்ந்து காரின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். மூன்று காரணம் கிடைத்தது.

வழிகாட்டியில் போட்டது ஊர்ப் பெயர். கார் சூடேற்றத் தொடங்க வேண்டுமானால், சேருமிடமாக அதன் பட்டியலில் உள்ள விரைவு சார்ஜரையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரின் பெயரையோ பக்கத்துக் கடையையோ போட்டால், நாம் சார்ஜ் போடத்தான் போகிறோம் என்று அதற்குத் தெரியாது. கைப்பேசியின் வரைபடத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். நார்வேயிலேயே பலர் ஆண்டுக்கணக்காக இந்த வசதியைப் பயன்படுத்தாமல் ஓட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, சார்ஜ் அளவு. இந்தக் காரில் 20 சதவீதத்துக்குக் கீழ் போனால் பேட்டரி சூடேற்றுவதை நிறுத்திவிடும். எல்லை காருக்குக் கார் மாறும், ஆனால் ஏதோ ஓர் எல்லை பெரும்பாலும் இருக்கும். நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. 23 சதவீதத்தில் கிளம்பிய எங்களுக்கு மிச்சம் இருந்தது மூன்று சதவீதம்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். முதல் இரண்டும் சரியாக இருந்திருந்தாலும் அன்று பெரிய பயன் இருந்திருக்காது. பதினைந்து நிமிடப் பயணத்தில் 5 கிலோவாட் ஹீட்டர் எட்டு டிகிரி ஏற்றியிருக்கும். மைனஸ் 8, பூஜ்யம் ஆகியிருக்கும், அவ்வளவே. இரவு முழுவதும் உறைந்த காருக்கும் பக்கத்தில் இருக்கும் சார்ஜருக்கும் நடுவில் வழிகாட்டி மட்டும் போதாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும் காருக்குத்தான் அது கச்சிதமாக வேலை செய்யும்.

இரண்டாவது காலை

திரும்பும்போது அதே மரவீட்டுக்கு இரவு வந்து சேர்ந்தோம். சார்ஜ் 31 சதவீதம். வழியில் டோம்போஸிலேயே போட்டிருக்கலாம், பேட்டரி சூடாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிறு மாலை, பனிச்சறுக்கு முடித்துத் திரும்புகிறவர்களின் வரிசை நீளமாக இருந்தது. குழந்தைகள் தூங்கி வழிந்தார்கள். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு கிடைத்ததே என்று.

அன்று இரவு மைனஸ் 17. காலையில் செல்கள் மைனஸ் 7. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் நண்பர் போய்க் காரை ஆன் செய்து, பேட்டரி சூடேற்றும் பட்டனைக் கையால் அழுத்தினார். எல்லாக் காரிலும் இந்த பட்டன் இல்லை. இவருடையதில் மெனுவுக்குள் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருந்தது. திரையில் சுருள் கம்பி போன்ற ஒரு சின்னம் வந்தது. அது வந்தால்தான் ஹீட்டர் உண்மையில் ஓடுகிறது என்று அர்த்தம். பட்டனை அழுத்திவிட்டோம் என்பது மட்டும் போதாது. நாங்கள் உள்ளே உப்புமா சாப்பிட்டு, பைகளைக் கட்டி, பனிச்சறுக்குப் பலகைகளை ஏற்றி முடித்தபோது பேட்டரி 8 டிகிரிக்கு வந்திருந்தது.

சாலையிலும் ஹீட்டர் ஓடியது. இந்த முறை வழிகாட்டியில் சார்ஜரையே தேர்ந்தெடுத்திருந்தோம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் வேகம் குறைந்தது, பிரேக் திரும்பி வந்துவிட்டது. டோம்போஸ் வருவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது திரையில் 20 சதவீதம் காட்டியது, சுருள் சின்னம் அணைந்தது. கையேட்டில் சொன்னபடியே.

அதே கம்பத்தில் செருகினோம். செல் 17 டிகிரி. எடுத்த எடுப்பிலேயே 75 கிலோவாட். பத்தாவது நிமிடத்தில் 105, செல் 25 டிகிரி. அப்புறம் 110ஐத் தொட்டது. மின்னோட்டத்தின் வெப்பமே பேட்டரியைப் பார்த்துக்கொண்டது, ஹீட்டர் நின்றுவிட்டது. அறுபது சதவீதத்தைத் தாண்டியதும் வழக்கம்போல மெல்ல இறங்கத் தொடங்கியது. 29ஆவது நிமிடத்தில் 80 சதவீதம்.

நண்பர் காபி வாங்கப் போனவர் பாதிக் கோப்பையோடு ஓடி வந்தார், கைப்பேசியில் முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததால்.

இரண்டு நாளும் முழுக்கச் சமம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் இரண்டு டிகிரி குளிர் குறைவு, தொடங்கிய சார்ஜும் இரண்டு சதவீதம் அதிகம். இவை ஓரிரு நிமிட வித்தியாசத்தைத் தரலாம். முப்பத்திரண்டு நிமிட வித்தியாசத்தைத் தராது. செலவையும் பார்க்கலாம். முதல் நாள் செல்களுக்குள் போனது 46 யூனிட், ஆனால் சார்ஜர் ரசீதில் கிட்டத்தட்ட 50 இருந்தது, நடுவில் உள்ளது ஹீட்டரின் பங்கு. இரண்டாம் நாள் அந்தப் பங்கு ரசீதில் இல்லை, பேட்டரியிலிருந்து ஏற்கெனவே போயிருந்தது. 45 நிமிடம் ஓடிய ஹீட்டர் 3.75 யூனிட் எடுத்தது. அது பேட்டரியில் ஐந்து சதவீதம். அந்தக் குளிரில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் ஓட்டக்கூடிய அளவு. கையில் பத்து சதவீதம் மட்டுமே இருந்து சார்ஜர் தூரத்தில் இருந்தால், இதைச் செய்யாமல் மெதுவாக ஏறட்டும் என்று விட்டுவிடுவதே சரி.

எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும்

சார்ஜ் மெதுவாக ஏறினால் காரணத்தைக் கண்டுபிடிக்க ரீடர் கருவி கட்டாயம் இல்லை. ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தால் போதும். கிலோவாட் எண் மெல்ல மெல்ல, விடாமல் ஏறிக்கொண்டே இருந்தால் பேட்டரி குளிர்ந்திருக்கிறது. அது சூடாகிக்கொண்டிருக்கிறது, கேபிளைப் பிடுங்கி இன்னொரு சார்ஜருக்கு மாற்றினால் இழப்பு நமக்குத்தான். எண் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி நிரம்பும் பக்கம் வந்துவிட்டது, அல்லது கோடையில் மிகையாகச் சூடாகிவிட்டது. ஏறாமல் இறங்காமல் ஒரே எண்ணில் ஆணி அடித்ததுபோல நின்றால் சார்ஜர் பக்கம் சந்தேகப்படலாம். திறனைப் பங்கு போடுகிறது, அல்லது அதற்குள் ஏதோ ஒரு பகுதி பழுது. அப்போது மாற்றிப் போடலாம். டோம்போஸில் முதல் நாள் நண்பர் சொன்னபடி நாங்கள் மாற்றியிருந்தால் புதிய சார்ஜரிலும் அதே 24, 25தான் வந்திருக்கும்.

2024 ஜனவரி நடுவில் சிகாகோவில் நடந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெப்பநிலை மைனஸ் 18க்கும் கீழே போன அந்த நாட்களில், ஓக் ப்ரூக், எவர்கிரீன் பார்க் பகுதிகளின் டெஸ்லா சார்ஜ் நிலையங்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன, சிலவற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். குளிர்ந்த பேட்டரியோடு வரும் ஒவ்வொரு காரும் ஒரு சார்ஜரை இரண்டு மடங்கு நேரம் பிடித்து வைத்தால், அடுத்த கார் இன்னும் அதிக நேரம் வெளியே காத்திருக்கும். காத்திருக்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஹீட்டர் ஓட வேண்டும், சார்ஜ் குறைகிறது. குறைந்த சார்ஜில் பேட்டரியைச் சூடேற்றும் வசதியும் நின்றுவிடுகிறது. ஒரு காருக்கு நடந்ததுதான் வரிசை முழுவதற்கும் நடக்கிறது. நான் பார்த்த செய்திகளில் கார்களையும் குளிரையும் பற்றி நிறையப் பேசினார்கள், பேட்டரியைச் சூடேற்றிக்கொண்டு வருவதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

எங்கெல்லாம் பயன் இல்லை

வீட்டில் இரவு முழுவதும் ஏறும் மெதுவான சார்ஜுக்கு ப்ரீகண்டிஷனிங் தேவையே இல்லை. அங்கே மின்னோட்டம் அவ்வளவு குறைவு, ஓரளவு குளிர்ந்த பேட்டரியும் தாங்கும். கடும் குளிர் என்றால் கார் தானே கொஞ்சம் சூடேற்றிக்கொண்டு தொடங்கும். பேட்டரி ஏற்கெனவே எழுபது, எண்பது சதவீதம் இருந்தாலும் பயன் இல்லை, அந்த உயரத்தில் சூடான பேட்டரியும் மெதுவாகத்தான் வாங்கும். 50 கிலோவாட் சார்ஜர்தான் வழியில் இருக்கிறது என்றால் 25 டிகிரிவரை சூடேற்ற வேண்டியதில்லை, பத்துப் பன்னிரண்டு டிகிரியே போதும்.

பேட்டரிக்குத் திரவக் குழாயே இல்லாத பழைய கார்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நியூயார்க்கில் டாக்சியாக ஓடிய நிஸான் லீஃப் கார்களின் சார்ஜ் பதிவுகளை அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது. 25 டிகிரியில் அரை மணி நேரத்தில் 80 சதவீதம் வரை ஏறும் காரில், பூஜ்யம் டிகிரியில் அதே நேரத்துக்கு 36 சதவீதம் குறைவாகத்தான் ஏறியது. பூஜ்யம் என்பது டோம்போஸில் இதமான நாள்.

இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி உள்ள கார்கள் இன்னும் கவனம் கேட்கும். விலை குறைவு, ஆயுள் அதிகம் என்பதால் அவை இப்போது நிறைய வருகின்றன. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே அவற்றின் மந்தம் அதிகம். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் சூடேற்ற இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் மறுபடியும் லெஷா போனோம். இந்த முறை நண்பர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்கு டோம்போஸ் வந்ததும் நேராக சார்ஜரில் நிறுத்தினார். ஆஸ்லோவிலிருந்து 330 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த பேட்டரி, கடைசி நாற்பது நிமிடம் வழிகாட்டி சூடேற்றியது வேறு. செல் 24 டிகிரி. 98 கிலோவாட்டில் தொடங்கியது. குழந்தைகள் எதிர்க்கடையில் சாப்பிட்டு முடிக்கும் முன்பே 80 சதவீதம் ஆகிவிட்டது. மறுநாள் காலை கார் மைனஸ் 11இல் நின்றிருந்தது, நாங்கள் சார்ஜரைக் கடந்து நிற்காமல் ட்ரொண்ட்ஹைம் சாலையில் ஏறினோம்.